வேலையில் மிஞ்சியவர்கள்



வேலை போனவர்களைப் பற்றி நாம் பேசுகிறோம். பேசத்தான் வேண்டும். 2025 ஜூலையில் நாட்டின் மிகப் பெரிய ஐ.டி. நிறுவனமான டி.சி.எஸ். தன் ஊழியர்களில் ஏறத்தாழ 2 சதவீதத்தினரை, அதாவது 12,000 பேருக்கு மேல், அந்த நிதியாண்டில் குறைக்கப்போவதாக அறிவித்தது. அப்போது எல்லோரும் அந்த 2 சதவீதத்தைப் பற்றித்தான் எழுதினார்கள். மீதி 98 சதவீதம் பேர் மறுநாள் காலையில் எப்படி வேலைக்குப் போனார்கள் என்று யாராவது கேட்டோமா? நான் இன்று பேச வந்தது அவர்களைப் பற்றி. பக்கத்து நாற்காலி காலியான பிறகும் தன் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவரைப் பற்றி. "வேலைதான் இருக்கே, அப்புறம் என்ன கவலை?" என்று வீட்டில்கூடக் கேட்கிறார்களே, அவரைப் பற்றி.

நான் உளவியல் ஆலோசகர். ஓ.எம்.ஆர். சாலையின் இரு பக்கமும் இருக்கும் அலுவலகங்களிலிருந்து வருகிறவர்களோடு பேசுவது என் தொழில். அவர்கள் சொன்னவற்றைச் சேர்த்து ஓர் அணியாக உங்கள் முன் வைக்கிறேன். பெயர் வேண்டாம், நிறுவனம் வேண்டாம். பதினொரு பேர் கொண்ட ஒரு டெஸ்டிங் அணி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் நான்கு பேருக்கு மட்டும் காலெண்டரில் ஓர் அழைப்பு வருகிறது. பதினைந்து நிமிடக் கூட்டம், பொருள் என்று ஒன்றும் எழுதவில்லை, ஹெச்.ஆர். பெயர் மட்டும் இருக்கிறது. முதலில் போனவர் திரும்பி வந்து பையை எடுக்கிறார். டிபன் பாக்ஸை எடுக்கிறார். ஐ.டி. கார்டைக் கழுத்திலிருந்து கழற்றிக் கையில் சுற்றிக்கொள்கிறார். யாரும் எழுந்திருக்கவில்லை. எல்லோரும் திரையைப் பார்க்கிறார்கள், யார் திரையிலும் எதுவும் நகரவில்லை. மதியத்துக்குள் நான்கு பேரின் பெயரும் சாட்டில் மங்கிவிடுகிறது. அணியின் வாட்ஸ்அப் குழுவிலிருந்து ஒருவர் தானாகவே வெளியேறுகிறார். அதற்கு ஒரு வரி பதில் போட யாருக்கும் கை வரவில்லை.

மிஞ்சிய ஏழு பேருக்கும் அந்த நேரத்தில் முதலில் வந்த உணர்ச்சி என்ன? துக்கமா? கோபமா? அவர்கள் என்னிடம் சொன்னதை அப்படியே சொல்கிறேன். "நல்லவேளை, நான் இல்லை." முதலில் வந்தது நிம்மதி. அந்த நிம்மதி அரை நிமிடம்கூட நிற்கவில்லை. "சீ, நான் எப்படிப்பட்ட ஆள்?" என்ற கேள்வி அதன் பின்னாலேயே வந்துவிட்டது. குற்றவுணர்ச்சி அங்கேதான் பிறக்கிறது. அவர்கள் யாருக்கும் எந்தத் தீங்கும் செய்யவில்லை. தான் தப்பித்ததில் வந்த நிம்மதியைத்தான் அவர்களால் மன்னிக்க முடியவில்லை.

நண்பர்களே, அந்த நிம்மதி குற்றம் அல்ல. ஆபத்து நம்மைத் தாண்டிப் போனதும் உடம்பு விடுகிற மூச்சு அது. நண்பனின் மேல் உங்களுக்கு அன்பு இல்லை என்பதற்கு அது சாட்சி அல்ல. இதை முதலில் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. இதை உள்ளேயே வைத்திருப்பவர்கள் பிறகு என்ன செய்கிறார்கள் என்பதுதான் இன்றைய பேச்சின் மையம்.

என்ன செய்கிறார்கள்? வேலை செய்கிறார்கள். வெறித்தனமாக வேலை செய்கிறார்கள்.

அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜோயல் பிராக்னர் என்ற ஆய்வாளர் 1980களிலேயே இதைச் சோதித்துப் பார்த்தார். மாணவர்களை அழைத்துப் பிழை திருத்தும் வேலை கொடுத்தார். பாதியில் உடனிருந்த ஒருவரை, அவர் செய்த வேலைக்கும் போனதற்கும் தொடர்பே இல்லாதபடி, வீட்டுக்கு அனுப்பிவிட்டார். அனுப்பப்பட்டவர் உண்மையில் ஆய்வாளரின் ஆள். மிஞ்சிய மாணவருக்கு அது தெரியாது. அதன் பிறகு மிஞ்சியவர் எப்படி வேலை செய்கிறார் என்று பார்த்தார்கள். முன்பைவிட அதிக வேலையை முடித்தார். ஆனால் பிழைகளைக் கண்டுபிடிக்கும் திறம் அந்த அளவுக்குக் கூடவில்லை. அளவு ஏறியது, தரம் ஏறவில்லை.

இது உங்கள் அலுவலகத்தில் நடக்கவில்லையா? இரவு பதினொரு மணிக்கு மறுபடி லாகின் செய்கிறவர் யார்? ஞாயிற்றுக்கிழமை யாரும் கேட்காத ரிப்போர்ட்டை அனுப்புகிறவர் யார்? எடுக்க வேண்டிய விடுப்பை எடுக்காமல் விடுகிறவர் யார்? கேட்டால் "பயம் சார், அடுத்த லிஸ்ட்ல நம்ம பேர் வந்துடக் கூடாது" என்பார். பாதி உண்மை. மீதிப் பாதி வேறு. தகுதி இல்லாமல் ஒன்றைப் பெற்றுவிட்டதாக நினைக்கிற மனசு, அதற்கு விலை கொடுத்து நேர்செய்யப் பார்க்கிறது. இங்கே ஒரு கேள்வி கேட்க வேண்டும். அந்த விலை யாருக்குப் போய்ச் சேருகிறது? உங்கள் குற்றவுணர்ச்சி வெளியே போன நண்பனை நோக்கியது. அதற்காக நீங்கள் கொடுக்கிற உழைப்போ நிறுவனத்துக்குப் போகிறது. நண்பனுக்கு அதில் ஒரு பைசா பயன் இல்லை. கடன் ஒருவருக்கு, தவணை இன்னொருவருக்கு. அதனால்தான் எத்தனை இரவு விழித்தாலும் அந்த உணர்ச்சி தீருவதில்லை.

இன்னொரு விஷயமும் நடக்கிறது. இதைச் சொல்ல வருத்தமாக இருக்கிறது, ஆனாலும் சொல்லியாக வேண்டும். இரண்டு வாரம் கழிந்ததும் அந்த ஏழு பேரில் ஒருவர் சாப்பாட்டு மேசையில் மெல்லச் சொல்கிறார், "அவர் கொஞ்சம் லேட்டாத்தானே வருவார்?" இன்னொருவர், "அந்தம்மா புதுசா எதையும் கத்துக்க மாட்டாங்க." அந்தச் செவ்வாய்க்கிழமை வரை யாரும் சொல்லாத குறைகள் இவை. ஏன் இப்போது வருகின்றன?

கெட்டது நடந்தவர் மேல் குறை தேடுகிற இந்தப் பழக்கத்தை மெல்வின் லெர்னர் என்ற உளவியலாளர் 1960களிலிருந்து ஆராய்ந்தார். உலகம் நியாயமாக நடக்கிறது என்று நம்பினால்தான் நமக்குத் தூக்கம் வரும். நல்லவருக்குக் காரணமே இல்லாமல் கெட்டது நடந்தால் அந்த நம்பிக்கை ஆடிப்போகும். அதைக் காப்பாற்ற ஓர் எளிய வழி, பாதிக்கப்பட்டவரிடம் குறை கண்டுபிடிப்பது. "அவரிடம் குறை இருந்தது, அதனால் போனார்; என்னிடம் அந்தக் குறை இல்லை, நான் பத்திரம்." ஒரே வாக்கியத்தில் பயமும் அடங்குகிறது, குற்றவுணர்ச்சியும் அடங்குகிறது. ஆனால் அது பொய். வாடிக்கையாளர் ஒரு ப்ராஜெக்ட்டை நிறுத்தியது, பெஞ்சில் உட்கார்ந்திருந்த நாட்கள், சம்பள அடுக்கில் ஒருவர் இருந்த இடம், இவை முடிவு செய்த ஒன்றை ஒருவருடைய குணத்தின் மேல் ஏற்றுகிறோம். போனவருக்கு வேலை ஏற்கெனவே போய்விட்டது. பெயரையாவது விட்டுவைக்க வேண்டாமா? உங்கள் மேசையில் அந்தப் பேச்சு எழுந்தால் சண்டை போட வேண்டாம். "அவர் வேலையை நான் பார்த்திருக்கேன், நல்லாத்தான் செஞ்சார்" என்று ஒரு வரி போதும். அந்த ஒரு வரிக்குப் பிறகு பேச்சு பெரும்பாலும் நின்றுவிடும்.

இனி பயத்துக்கு வருகிறேன்.

பயப்படாதீர்கள் என்று சொல்ல நான் வரவில்லை. காரணம் இருக்கிற பயத்தைக் காரணம் இல்லை என்று சொல்வது ஏமாற்று. பிராக்னரும் அவருடைய சகாக்களும் 1992இல் வெளியிட்ட இன்னோர் ஆய்வில், ஆட்குறைப்பு நடந்த ஒரு கடைத் தொடரில் மிஞ்சியவர்களைப் பார்த்தார்கள். பயமே இல்லாதவர்களின் உழைப்பு கூடவில்லை. ஓரளவு பயந்தவர்களின் உழைப்பு கூடியது. மிக அதிகமாகப் பயந்தவர்களின் உழைப்பு மறுபடி விழுந்துவிட்டது. பயம் ஓர் எல்லை வரைதான் ஆளை ஓட வைக்கும். அதைத் தாண்டினால் உட்கார வைத்துவிடும். "என்ன செய்தாலும் போகத்தான் போகுது" என்று ஒருவர் சொல்லத் தொடங்கினால் அவர் அந்த எல்லையைத் தாண்டிவிட்டார் என்று பொருள்.

உடம்பு இதைவிட நேர்மையாகக் கணக்குச் சொல்லும். பின்லாந்து நாட்டில் 1990களின் தொடக்கத்தில் கடும் பொருளாதார மந்தம். நகராட்சிகள் ஆட்களைக் குறைத்தன. யுஸ்ஸி வாஹ்டெரா என்ற ஆய்வாளரின் குழு 10 நகரங்களில் 22,430 ஊழியர்களைப் பின்தொடர்ந்தது. கவனியுங்கள், இவர்கள் வேலை போனவர்கள் அல்லர், வேலையில் நீடித்தவர்கள். பணியாளர் எண்ணிக்கை 18 சதவீதத்துக்கு மேல் குறைந்த இடங்களில், குறைக்கப்படாத இடங்களோடு ஒப்பிட்டால், மிஞ்சியவர்களிடையே இதய, ரத்தக்குழாய் நோய்களால் நேர்ந்த மரணம் இரு மடங்காக இருந்தது. 2004இல் இது வெளியானது. "உனக்குத்தான் வேலை இருக்கே" என்று வீட்டில் சொல்கிறவர்கள் இந்த ஒரு செய்தியை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பல்லைக் கடித்தபடி தூங்குகிறாரா, விடிகாலை மூன்று மணிக்கு விழித்துப் போனைப் பார்க்கிறாரா, ரத்த அழுத்தம் ஏறியிருக்கிறதா என்று கவனியுங்கள்.

அப்படியானால் பயத்தை என்ன செய்வது? என் அனுபவத்தில் பயத்தை எண்ணாக மாற்றினால்தான் அது தன் உண்மையான உயரத்துக்கு வருகிறது. ஒரு கணக்கை உங்களோடு சேர்ந்தே போட்டுப் பார்க்கிறேன். அந்த ஏழு பேரில் ஒருவர், எட்டு ஆண்டு அனுபவம். கையில் வருகிற சம்பளம் 1,05,000 ரூபாய். மனைவியின் சம்பளம் 30,000. "வேலை போனா அடுத்த மாசமே தெருவுக்கு வந்துடுவோம்" என்றார். எழுதுங்கள் என்றேன். வேலை போனாலும் நிறுத்த முடியாத செலவை மட்டும் எழுதச் சொன்னேன். வீட்டுக்கடன் தவணை 38,000. மளிகை, பால், காய்கறி, காஸ் 17,000. பிள்ளைகளின் பள்ளிக்கட்டணம் மாதக் கணக்கில் 9,000. மின்சாரம், போன், பெட்ரோல் 8,000. அப்பாவின் மருந்து 4,000. அடுக்குமாடிப் பராமரிப்பு 3,000. கூட்டினால் 79,000. மனைவியின் சம்பளத்தைக் கழித்தால் மாதம் 49,000 தேவை. வங்கியில் இருப்பது 2,37,000. இது மட்டுமே ஏறத்தாழ ஐந்து மாதத்துக்கு வரும். அவர் மறந்திருந்த ஒன்றும் இருந்தது. ஐந்து ஆண்டு முடித்தவருக்குக் கிராஜுவிட்டி உண்டு, ராஜினாமா செய்தாலும் உண்டு. அவருடைய அடிப்படைச் சம்பளம் 45,000. அதை 26ஆல் வகுத்து, 15ஆல் பெருக்கி, எட்டு ஆண்டால் பெருக்கினால் 2,07,000க்கு மேல் வருகிறது. இரண்டையும் சேர்த்தால் ஒன்பது மாதம்.

அடுத்த மாதம் தெரு என்று பயம் சொன்னது. ஒன்பது மாதம் என்று தாள் சொன்னது. பயம் போய்விட்டதா? போகவில்லை. ஆனால் அன்று இரவு அவர் மனைவியோடு உட்கார்ந்து அந்தத் தாளைப் பார்த்துப் பேசினார். அதுவரை அவர் மனைவிக்கு ஆட்குறைப்பு நடந்ததே தெரியாது. ஆறு வாரம் மறைத்து வைத்திருந்தார்.

எல்லோருக்கும் ஒன்பது மாதம் வராது. சிலருக்கு இரண்டு மாதம்கூட வராது. இரண்டு மாதம் என்று தெரிவதும் நல்லதுதான். கார் கடனை முடிப்பதா, வீட்டு வாடகையைக் குறைப்பதா என்று கையில் சம்பளம் இருக்கும்போதே முடிவு செய்ய முடியும்.

அந்தக் கணக்கில் பெரும்பாலானவர் விட்டுவிடுகிற ஓட்டை ஒன்று உண்டு. மருத்துவக் காப்பீடு. நிறுவனம் கொடுத்த குழு காப்பீடு பொதுவாக வேலையோடு முடிந்துவிடும். அதில் அம்மா அப்பாவையும் சேர்த்திருப்பீர்கள். அறுபத்தைந்து வயதில், சர்க்கரை நோயோடு, வேலை போன மாதத்தில் அவர்களுக்குப் புதிதாகக் காப்பீடு எடுப்பது எவ்வளவு கஷ்டம்! ஏற்கெனவே இருக்கிற நோய்களுக்குக் காத்திருப்புக் காலம் வேறு உண்டு. வேலை இருக்கும்போதே குடும்பத்துக்குத் தனியாக ஒரு பாலிசி எடுத்துவிட்டால் அந்தக் காத்திருப்புக் காலம் இப்போதே ஓடத் தொடங்கிவிடும். வேலையை விடுகிற நிலை வந்தால், குழு காப்பீட்டிலிருந்து அதே காப்பீட்டு நிறுவனத்தின் தனிநபர் பாலிசிக்கு மாறும் வழி உண்டா என்று கடைசி நாளுக்கு முன்பே கேளுங்கள். கடைசி நாள் தாண்டிய பிறகு கேட்டால் அந்தக் கதவு மூடியிருக்கலாம்.

அதோடு, சம்பளச் சீட்டுகள், படிவம் 16, அப்ரைசல் கடிதங்கள், பணி நியமனக் கடிதம் ஆகிய உங்களுடைய ஆவணங்களைச் சொந்த இடத்தில் சேமித்து வையுங்கள். பி.எஃப். கணக்கில் உங்கள் சொந்தப் போன் எண் இருக்கிறதா என்று பாருங்கள். நிறுவனத்தின் சோர்ஸ் கோடையோ, வாடிக்கையாளரின் தகவலையோ தொடாதீர்கள். அதுவே உங்கள் மேல் நடவடிக்கை எடுக்கக் காரணமாகிவிடும். இந்த வேலைகளுக்கு வாரத்தில் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள், சனிக்கிழமை காலை என்று வைத்துக்கொள்ளுங்கள். மற்ற நேரத்தில் "அடுத்த லிஸ்ட் ரெடியாம்" என்று வருகிற செய்தியைத் திறக்க வேண்டாம். வதந்தியைப் படிப்பது தயாராகிற மாதிரி தோன்றும், ஆனால் ஆறு மாதம் படித்தாலும் கையில் ஒரு காகிதம் சேர்ந்திருக்காது.

ஒன்றை மட்டும் சட்டத்திலிருந்து சொல்கிறேன், ஏனென்றால் இது உங்களுக்கும் நாளை தேவைப்படலாம், இன்று போன நண்பருக்கும் தேவைப்படலாம். "நீங்களே ரிசைன் பண்ணிடுங்க, இல்லாட்டி டெர்மினேட் பண்ண வேண்டி வரும், ரெக்கார்டு கெட்டுப்போயிடும்" என்று அந்தப் பதினைந்து நிமிட அறையில் சொல்வார்கள். பயந்து கையெழுத்துப் போட்டுவிட்டால் காகிதத்தில் அது தானாகச் செய்த ராஜினாமா. ஆட்குறைப்பு என்று பதிவானால், சட்டப்படி தொழிலாளர் என்ற வரையறைக்குள் வருகிறவருக்கு முடித்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் சம்பளம் இழப்பீடாக உண்டு. 1947ஆம் ஆண்டின் தொழில் தகராறு சட்டத்தில் இருந்த இந்தக் கணக்கு புதிய தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பிலும் தொடர்கிறது. எட்டு ஆண்டு என்றால் 120 நாள் சம்பளம். நீங்கள் அந்த வரையறைக்குள் வருகிறீர்களா என்பதை விசிட்டிங் கார்டில் இருக்கிற பதவிப் பெயர் மட்டுமே முடிவு செய்யாது. நீங்கள் உண்மையில் செய்கிற வேலையை வைத்துத்தான் அதைப் பார்ப்பார்கள். அதனால் அந்த அறையில் சொல்ல வேண்டியது ஒன்றுதான்: "எனக்கு யோசிக்க நேரம் வேணும், எழுத்துல கொடுங்க." பிறகு ஒரு தொழிலாளர் சட்ட வழக்கறிஞரையோ, ஐ.டி. ஊழியர் சங்கத்தையோ கேளுங்கள்.

சரி, பயத்துக்குக் கணக்கு இருக்கிறது. குற்றவுணர்ச்சிக்கு என்ன இருக்கிறது?

முதலில் அதைப் பிரித்துப் பார்க்க வேண்டும். நீங்கள் அந்தப் பட்டியலைத் தயாரித்தீர்களா? அவருடைய வேலையைப் பற்றி உண்மை இல்லாத ஒன்றை எழுதிக் கொடுத்தீர்களா? இல்லை என்றால் நீங்கள் சுமப்பது செய்யாத குற்றத்தின் பாரம். ஆம் என்றால் அது வேறு. அதற்கு ஆலோசகரின் ஆறுதல் போதாது. அவரைப் பார்த்துப் பேசுவதும், அவருக்கு அடுத்த வேலை கிடைக்க உண்மையான சான்று கொடுப்பதும்தான் வழி. இந்த இரண்டையும் ஒரே மூட்டையாகக் கட்டி முதுகில் வைத்திருப்பவர்கள் பலர். என்னிடம் வந்தவர்களில் பெரும்பாலானவர் முதல் வகைதான்.

இன்னொன்று, போனவர்கள் எல்லோரும் பாழாகிவிட்டார்கள் என்று மிஞ்சியவர் கற்பனை செய்துகொள்கிறார். அமெரிக்காவின் போயிங் விமான நிறுவனத்தில் தொடர்ந்து நடந்த ஆட்குறைப்புகளின்போது அங்கே வேலை செய்தவர்களை ஓர் ஆய்வுக் குழு ஏறத்தாழ பத்து ஆண்டு பின்தொடர்ந்தது. 2010இல் அது நூலாக வந்தது. வெளியேறியவர்களின் மனநலம் பல அளவுகோல்களில், உள்ளேயே அடுத்த அலைக்காகக் காத்திருந்தவர்களைவிட நன்றாக இருந்தது. இதை வைத்து வேலை போவது நல்லது என்று நான் சொல்லவில்லை. நாற்பத்தைந்து வயதில், வீட்டுக்கடனோடு வெளியே நிற்பவரிடம் போய் இந்த ஆய்வைச் சொல்லாதீர்கள். ஆனால் அவருடைய கதை அந்தச் செவ்வாய்க்கிழமையோடு முடிந்துவிட்டது என்று நீங்களாக முடிவு கட்டாதீர்கள். அப்படி முடிவு கட்டுகிறவர்தான் அவரை அழைக்கப் பயப்படுகிறார்.

ஆம், அழைப்பது. நான் சந்தித்த போனவர்களிடம் எது அதிகம் வலித்தது என்று கேட்டிருக்கிறேன். ஹெச்.ஆர். பேசிய பேச்சை விட, நான்கு வருடம் கூடச் சாப்பிட்டவர்கள் யாரும் கூப்பிடவில்லை என்பதுதான் வலித்தது என்றார்கள். இந்தப் பக்கம் மிஞ்சியவரைக் கேட்டால், "என்ன மூஞ்சியை வச்சுக்கிட்டுக் கூப்பிடறது?" என்கிறார். வெட்கத்தால் இவர் பேசவில்லை. அது அலட்சியம் என்று அவர் நினைக்கிறார். நாள் போகப் போக இரண்டு பேருமே கூப்பிட முடியாத நிலைக்கு வந்துவிடுகிறார்கள்.

கூப்பிட்டு என்ன பேசுவது? "எல்லாம் நல்லதுக்குத்தான்" என்று சொல்லாதீர்கள். "நான் போயிருக்கணும், நீங்க இல்ல" என்றும் சொல்லாதீர்கள். அப்படிச் சொன்னால் அவர் உங்களைத் தேற்ற வேண்டியிருக்கும், அந்த வேலையையும் அவர் தலையில் வைக்காதீர்கள். என்ன சொன்னாங்க, எவ்வளவு கொடுத்தாங்க என்று விசாரணை செய்யாதீர்கள். அந்த ஏழு பேரில் ஓர் இளம்பெண் பேசியதைச் சொல்கிறேன். தன் சீனியருக்கு நான்காம் நாள் அழைத்தார். "அண்ணா, அன்னிக்கு எழுந்து வந்து ஒரு வார்த்தை பேசியிருக்கணும்னு தோணிட்டே இருக்கு. அதான் கூப்பிட்டேன். ரிலீஸ் அன்னிக்கு ராத்திரி நீங்க பக்கத்துல உக்காந்து அந்த டேட்டாபேஸ் பிரச்சினையை சொல்லிக் கொடுத்தீங்கல்ல, இன்னும் அந்த நோட்டை வச்சுத்தான் வேலை பாக்கறேன். ரெஸ்யூமே அனுப்புங்க, என் காலேஜ் ஃப்ரெண்ட்ஸ் மூணு பேர் வேற வேற கம்பெனியில இருக்காங்க, ரெஃபர் பண்ணச் சொல்றேன்."

அதில் என்ன இருக்கிறது பாருங்கள். தத்துவம் ஒன்றும் இல்லை. அவர் செய்த வேலையில் ஒன்று பெயர் சொல்லி நினைவுகூரப்பட்டது. செய்யக்கூடிய உதவி ஒன்று, அளவோடு சொல்லப்பட்டது. அந்தப் பெண் இன்னொன்றும் செய்தார். அந்த சீனியர் எழுதி வைத்திருந்த வழிகாட்டி ஆவணம் ஒன்று அணிக்கு இருந்தது. அதைப் புதுப்பிக்கும் பொறுப்பு இவருக்கு வந்தபோது, எழுதியவர் பெயர் என்ற இடத்தில் அவர் பெயரை எடுக்கவில்லை. அதன் கீழே தன் பெயரைச் சேர்த்தார். தொழில்முறைத் தளத்தில் அவருக்கு ஒரு பரிந்துரை எழுதினார், "கடின உழைப்பாளி" என்று பொதுவாக எழுதாமல், எந்த டெஸ்ட்டுகளை அவர் தானியங்கியாக மாற்றினார், அதனால் ஒவ்வொரு ரிலீசிலும் எந்த வேலை மிச்சமானது என்று எழுதினார். வேலைக்கு ஆள் எடுக்கிறவர் கண்ணில் நிற்பது அந்த மாதிரி வரிதான். முன்பு இரவு பதினொரு மணிக்கு யாருக்கோ செலவான உழைப்பு இப்போது போக வேண்டிய ஆளுக்குப் போனது. மூன்று வாரத்தில் தூக்கம் கொஞ்சம் திரும்பி வந்ததாக அந்தப் பெண் சொன்னார்.

முதல் வாரம் பலர் அழைப்பார்கள். ஆறாவது வாரம் யாரும் அழைக்க மாட்டார்கள். இண்டர்வியூக்களில் இரண்டு மூன்று கைவிட்டுப் போயிருக்கும், கையிருப்பு கரையத் தொடங்கியிருக்கும். இரண்டாவது அழைப்பை அந்த ஆறாவது வாரத்துக்கு என்று காலெண்டரில் இப்போதே குறித்து வையுங்கள்.

அலுவலகத்துக்குள் ஒரு வேலை மீதி இருக்கிறது. பதினொரு பேர் செய்ததை ஏழு பேர் எப்படிச் செய்வது? பேசாமல் தலையில் ஏற்றிக்கொள்வதுதான் குற்றவுணர்ச்சியின் வழி. அதன் முடிவைப் பிழை திருத்திய மாணவர்களிடம் பார்த்தோம். அளவு ஏறும், தரம் ஏறாது. டெஸ்டிங்கில் தரம் விழுந்தால் அது வாடிக்கையாளரின் கையில் போய் வெடிக்கும், பழி மிஞ்சியவர் மேல் விழும். அந்த அணி ஒரு வெள்ளிக்கிழமை உட்கார்ந்து, போன நான்கு பேரும் வாரம் வாரம் செய்துவந்த வேலைகளை ஒவ்வொன்றாக எழுதியது. சொல்லாமலே செய்த வேலைகள் எத்தனை இருந்தன என்று அப்போதுதான் தெரிந்தது. பிறகு மேலாளருக்கு ஒரு மெயில். குறை சொல்லவில்லை, மன்றாடவில்லை. "இந்தப் பட்டியலில் இந்த மாதம் எங்களால் இவற்றை முடிக்க முடியும். மற்றவற்றில் எதைத் தள்ளிவைக்கலாம், எதை நிறுத்தலாம் என்று நீங்கள் முடிவு சொல்லுங்கள்." மேலாளர் இரண்டு வேலைகளை நிறுத்தினார், ஒன்றைத் தள்ளிவைத்தார், மற்றவற்றைச் செய்யத்தான் வேண்டும் என்றார். முழு வெற்றி அல்ல. ஆனால் எது விட்டுப்போயிற்று என்பது இனி ஏழு பேரின் ரகசியம் அல்ல, எழுத்தில் இருக்கிறது.

இத்தனையும் செய்த பிறகும் சிலருக்குத் தீராது. இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கம் இல்லை, சாப்பாடு இறங்கவில்லை, பிள்ளைகளோடு உட்காரவும் மனமில்லை, இருந்தென்ன என்ற எண்ணம் வந்து போகிறது என்றால், தயவுசெய்து அதைத் தனியாகச் சுமக்காதீர்கள். 14416 என்ற எண்ணில் டெலி மானஸ் என்ற அரசின் மனநல உதவி இருக்கிறது. இருபத்துநான்கு மணி நேரமும், கட்டணம் இல்லாமல், தமிழிலேயே பேசலாம். இந்த எண்ணைப் போனில் பதிந்துகொள்ளுங்கள். உங்களுக்கு இல்லாவிட்டாலும் போன நண்பருக்குத் தேவைப்படலாம்.

கடைசியாக, இந்த அரங்கில் மேலாளர்களும் இருக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். அந்தப் பட்டியலை நீங்கள் விரும்பிப் போட்டிருக்க மாட்டீர்கள் என்பதும் தெரியும். பிராக்னரின் ஆய்வுகள் மறுபடி மறுபடி சொன்னது ஒன்றுதான்: மிஞ்சியவர்கள் உங்களைப் பற்றி முடிவு செய்வது, போனவர்களை நீங்கள் எப்படி நடத்தினீர்கள் என்பதைப் பார்த்துத்தான். ஆகவே உங்களிடம் என் வேண்டுகோள் இது. அடுத்த நாள் காலையிலேயே அணியைக் கூட்டுங்கள். போனவர்களின் பெயரைச் சொல்லுங்கள். எந்த அடிப்படையில் முடிவானது என்று உங்களுக்குத் தெரிந்ததைச் சொல்லுங்கள், இன்னும் வருமா என்று கேட்டால் வராது என்று வாக்குக் கொடுக்காதீர்கள். போனவர்களின் ரிலீவிங் லெட்டரும், அனுபவச் சான்றும், செட்டில்மெண்ட் பணமும் தாமதமாகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அந்தக் காகிதங்கள் இல்லாமல் அடுத்த நிறுவனத்தில் அவர்கள் சேர்வது கடினம். உங்கள் மேசையில் இன்று அப்படி ஏதாவது ஒரு கடிதம் கையெழுத்துக்குக் காத்திருந்தால், நாளைக் காலை முதல் வேலையாக அதில் கையெழுத்துப் போடுங்கள்.